கால் உடைந்தால் யார் தருவார்? மதுரை ஆட்டோ ஓட்டுநர்கள் கேட்கும் காப்புறுதி

ஆட்டோ ஓட்டுபவர் விபத்தில் இறந்துபோனால், அவர் குடும்பத்துக்கு ஏதாவது ஒரு வழியில் கொஞ்சம் பணம் வந்து சேர வாய்ப்பு உண்டு. அவரே பிழைத்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுடன் பதினொரு வாரம் வீட்டில் படுத்திருந்தால் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூட வராது. தமிழ்நாட்டு ஆட்டோ ஓட்டுநர்களின் விபத்துப் பாதுகாப்பில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். மதுரையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் சங்கம் இந்த ஓட்டையை அடைப்பதற்காக ஒரு காப்புறுதி நிறுவனத்துடன் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சில் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

என் மனைவியின் ஊர் மதுரை. அவருடைய தம்பிதான் அந்தச் சங்கத்தின் செயலாளர். நான் கோலாலம்பூரில் 22 ஆண்டுகள் காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "மச்சான், நாங்க எழுதுன லெட்டரைக் கொஞ்சம் பாருங்க. அவங்க எங்கே மடக்குவாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்று மைத்துனர் கேட்டார். கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லும் வேண்டுகோள். இழப்பீடு கேட்கும் முறை பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி இருந்தது. நாங்கள் அந்த ஒரு வரியை இரண்டு பக்கமாக்கினோம்.

ஏற்கனவே இருப்பவை ஏன் போதவில்லை?

"ஆட்டோவுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று கேட்கலாம். சங்கத்தில் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் விஷயம் புரியும். அவர் வாடகை வண்டி ஓட்டுபவர். வண்டி வேறொருவருடையது, நாள் ஒன்றுக்கு 350 ரூபாய் வாடகை கொடுத்து ஓட்டுகிறார். மழை பெய்த ஓர் இரவில், குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்தபோது ஆட்டோ கவிழ்ந்தது. வலது கீழ்க்காலில் எலும்பு முறிவு. வேலைக்குத் திரும்ப 77 நாள் ஆனது.

முதலில் வண்டியின் காப்புறுதியைப் பார்த்தோம். இந்தியாவில் வாகனச் சொந்தக்காரர் தானே ஓட்டுபவராக இருந்தால் அவருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்புறுதி கட்டாயம். 2018ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை ஆணையம் இந்தத் தொகையை 15 லட்சமாக உயர்த்தியது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் இது செல்லும். வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் சொந்தக்காரர் இல்லை. சரி, சொந்தக்காரரின் தொழிலாளி என்ற முறையில் கேட்கலாமா என்றால், "இவருக்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை, இவர்தான் எனக்கு வாடகை கொடுக்கிறார்" என்பார் வண்டிக்காரர். அவர் சொல்வதும் பொய்யில்லை. அப்படியே சொந்த வண்டியாக இருந்திருந்தாலும் இந்த 15 லட்சத்தில் தற்காலிகக் காயத்துக்கு இடமில்லை. உயிரிழப்பு, கை கால் அல்லது கண் பார்வை இழப்பு, நிரந்தரமான முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே பணம் உண்டு.

இரண்டாவது, மத்திய அரசின் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலும் 2 லட்சம். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். 20 ரூபாய்க்கு இது நல்ல திட்டம்தான். ஆனால் முறிந்து, பிறகு கூடிவிடும் எலும்புக்கு இதிலும் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வேறொரு வண்டி வந்து மோதியிருந்தால் அந்த வண்டியின் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். மாட்டுக்காக ஒடித்த வண்டியில் எதிர்த்தரப்பு என்று யாரை நிறுத்துவது?

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமாகவே கிடைத்தது. அவரைச் சாய்த்தது மருத்துவச் செலவு இல்லை; அந்த 77 நாள். வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் தண்டல்காரரிடம் 30,000 ரூபாய் வாங்கினார். அதை நாள் தவணையில் அடைப்பதற்காக, முழுதாகக் குணமாகாத காலோடு மறுபடியும் வண்டி எடுத்தார். சங்கத்துக்காரர்கள் கூட்டத்தில் பேசியது இவரைப் பற்றித்தான். "செத்தா என்ன தருவான்னு யாரும் கேக்கல அண்ணே. படுத்தா என்ன தருவான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க" என்றார் ஸ்டாண்டுத் தலைவர்.

ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்

குழுத் தனிநபர் விபத்துக் காப்புறுதியில் பொதுவாக நான்கு பகுதிகள் உண்டு. மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம், தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போவது என்பவை அந்த நான்கு. கடைசிப் பகுதிக்கு வாரக் கணக்கில் பணம் தருவார்கள். காப்புறுதித் தொகையில் வாரத்துக்கு ஒரு விழுக்காடு என்பது வழக்கமான அளவு.

சங்கம் முதலில் கேட்டது இது: ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் காப்புறுதி, படுத்தால் வாரத்துக்கு 3,000 ரூபாய், 26 வாரம் வரை, பிரீமியம் நாளைக்கு ஒரு ரூபாய் வீதம் ஆண்டுக்கு 365. நம் பணத்தில் 20 வெள்ளிக்கும் குறைவு. நிறுவனத்தின் பதில் இரண்டு விலைகளாக வந்தது. வாரப் பணம் இல்லாமல் என்றால் 165 ரூபாய், வரி தனி. வாரப் பணத்துடன் என்றால் 720 ரூபாய்.

இந்த விலை வித்தியாசத்தைப் பார்த்து ஓட்டுநர்கள் கோபப்பட்டார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருந்தது. மரணம் அரிதாக நடப்பது. நடந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. எலும்பு முறிவு அடிக்கடி நடக்கும். அதோடு, ஒருவர் எத்தனை வாரம் படுக்கிறார் என்பது ஓரளவுக்கு அவர் கையிலேயே இருக்கிறது. மாத ஊழியருக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். சொந்தமாகத் தொழில் செய்பவர் எப்போது திரும்பினார் என்பதைக் கண்காணிக்க யாரும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட குழுக்களுக்கு வாரப் பணம் கொடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன.

எனவே விலையைக் குறைக்கச் சொல்வதை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தயக்கத்தைக் குறைக்க முயன்றோம். வாரப் பணத்தை 2,000 ரூபாயாக்கினோம். முதல் 7 நாளுக்குப் பணம் வேண்டாம் என்றோம். அதிகபட்சம் 12 வாரம். எக்ஸ்ரே படத்தில் தெரியும் எலும்பு முறிவு, அல்லது குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்த காயம் ஆகிய இரண்டுக்கு மட்டும் பணம். சுளுக்கு, சிராய்ப்பு, முதுகுவலி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தோம். ஒரு சங்கமாக மட்டும் போகாமல் பக்கத்து ஸ்டாண்டுகளையும் சேர்த்து 1,200 பேர் என்று போனோம். வரியோடு சேர்த்து ஆளுக்கு 385 ரூபாய் என்று நிறுவனம் இறங்கி வந்தது.

இதற்குக் கீழே ஏன் போகவில்லை என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 பேர், ஆளுக்கு 385 என்றால் ஆண்டுக்கு 4,62,000 ரூபாய். இதிலிருந்து வரியும் நிர்வாகச் செலவும் போகவேண்டும். ஒரு வருடத்தில் ஒரே ஒரு மரணம் நடந்தால் 3 லட்சம் போய்விடும். அதோடு எட்டுப் பேருக்குக் கால் முறிந்து, ஆளுக்கு 20,000 ரூபாய் கொடுத்தால் இன்னொரு 1,60,000. மொத்தம் 4,60,000. வசூலான அத்தனையும் தீர்ந்தது. அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும். அல்லது புதுப்பிக்கவே மறுப்பார்கள். மலிவான குழுக் காப்புறுதி பல இடங்களில் ஓர் ஆண்டோடு நின்றுபோவது இப்படித்தான். சிறிய காயங்களை விட்டுக்கொடுத்தது அடுத்த ஆண்டும் திட்டம் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

கவிழ்ந்த ஆட்டோக்காரரை இந்தத் திட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 77 நாளில் முதல் 7 நாளைக் கழித்தால் 70 நாள், அதாவது 10 முழு வாரம். வாரத்துக்கு 2,000 வீதம் 20,000 ரூபாய். அவருடைய கடன் 30,000. முழுக் கடனும் அடையாது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு கடனை அவர் வாங்கியிருக்கவே தேவையில்லை.

விடுப்புச் சான்றிதழ் யார் தருவது?

விலையைவிடப் பெரிய தடை காகிதம். நிறுவனம் அனுப்பிய இழப்பீட்டுப் படிவத்தில், வேலைக்குப் போக முடியாத காயத்துக்கு வேண்டிய ஆவணங்கள் வரிசையாக இருந்தன. மருத்துவரின் சான்று, எக்ஸ்ரே, மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரும் சுருக்கம், காவல்துறையின் எஃப்.ஐ.ஆர்., முதலாளி தரும் விடுப்புச் சான்றிதழ், வருமானச் சான்று. படிவம் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்துத் தயாரானது. ஆட்டோக்காரருக்கு முதலாளி இல்லை. வருமான வரிக் கணக்கு அவர் தாக்கல் செய்வதில்லை. தானாகக் கவிழ்ந்த வண்டிக்குப் பல நேரம் எஃப்.ஐ.ஆர். பதிவாவதும் இல்லை. ஆறு ஆவணங்களில் மூன்று அவரால் கொடுக்கவே முடியாதவை. அப்படியொரு காப்புறுதி எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்?

ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன என்று சங்கத்துக்காரர்களோடு உட்கார்ந்து யோசித்தோம்.

எஃப்.ஐ.ஆருக்குப் பதில் இரண்டு காகிதங்கள் உண்டு. விபத்துக் காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று நோயாளி சொன்னது அதில் இருக்கும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் வழக்குப் பதிவு செய்யாவிட்டாலும் 'சி.எஸ்.ஆர்.' என்ற ரசீது தருவார்கள். காயத்துக்கான கோரிக்கையில் இந்த இரண்டில் ஒன்று போதும் என்று எழுதிக் கேட்டோம். நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதில் உறுப்பினர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் முதலில் சொல்வதுதான் பதிவாகும். "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னால் வீட்டுப் படியில் விழுந்ததா, வண்டியோடு விழுந்ததா என்ற கேள்வி பிறகு வரும். "ஆட்டோ கவிழ்ந்து அடிபட்டது" என்று இடத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வருமானச் சான்றுக்கு வேறு வழி பிடித்தோம். காப்புறுதி நிறுவனம் வருமானத்தை ஏன் கேட்கிறது? ஒருவர் சம்பாதிப்பதைவிட அதிகமாகப் படுக்கைப் பணம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. வாரத்துக்கு 2,000 என்றால் நாளைக்கு 285 ரூபாய் சொச்சம். வாடகையும் எரிபொருளும் போக ஓர் ஆட்டோக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவது அதைவிட அதிகம். அப்படியிருக்க, ஒவ்வொருவரிடமும் வருமானத்தை நிரூபிக்கச் சொல்வதில் பொருளில்லை. எல்லோருக்கும் ஒரே நிலையான தொகை, வருமானச் சான்று வேண்டாம் என்று கேட்டோம். இதையும் ஒப்புக்கொண்டார்கள். தொகையைக் குறைத்ததால் கிடைத்த இன்னொரு லாபம் இது.

விடுப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஸ்டாண்டு நோட்டு. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சவாரி வரிசைக்காகப் பெயர் எழுதும் நோட்டு ஒன்று இருக்கும். அதன் நகல், வாடகை வண்டியாக இருந்தால் வண்டியைத் திருப்பி வாங்கிய நாளைக் குறித்து வண்டிக்காரர் தரும் கடிதம், சங்கச் செயலாளரின் கையெழுத்து ஆகிய மூன்றும் போதும் என்றோம். நிறுவன அதிகாரி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "நோட்டில் பெயர் எழுதாமல் செயலியில் சவாரி எடுத்தால்?" செயலி வழியாக ஓட்டும் உறுப்பினர்கள், அந்த வாரங்களின் சவாரிப் பட்டியலைக் காட்டச் சம்மதிக்க வேண்டும் என்று சங்கமே ஒரு நிபந்தனை சேர்த்தது. ஒருவர் ஏமாற்றினால் அடுத்த ஆண்டு எல்லோருக்கும் விலை ஏறும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இன்னும் ஒரு வரி கவனிக்கவேண்டியது. காப்புறுதிப் பத்திரங்களில் 'கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள்' பணம் தருவோம் என்று இருக்கும். எது கடைசி ஆவணம்? ஒரு காகிதம் கொடுத்தால் இன்னொன்று கேட்பார்கள்; அதைக் கொடுத்தால் மூன்றாவது. 30 நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. என் வேலைக் காலத்தில் நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான். எனவே ஆவணப் பட்டியல் பத்திரத்திலேயே முழுதாக இருக்கவேண்டும், குறை இருந்தால் 7 நாளுக்குள் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று எழுதினோம். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வீட்டுக்காரர் போன பிறகு

மரணக் கோரிக்கையில் காகிதம் வேறு விதமாகத் தொல்லை தரும். எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றிதழும் கட்டாயம். அதில் விட்டுக்கொடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. தவிர்க்கக்கூடியது வாரிசுச் சான்றிதழ். பல குழுக் காப்புறுதிகளில் சங்கம் கொடுக்கும் பட்டியலில் உறுப்பினர் பெயரும் வயதும் மட்டும் இருக்கும். நாமினி பெயர் இருக்காது. அப்போது பணம் யாருக்கு என்ற கேள்வி எழுந்து, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார்கள். கணவரை இழந்த பெண் மாதக்கணக்கில் அலைவது அதற்காகத்தான்.

எனவே பட்டியலில் நாமினிக்கு ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஓர் ஆவணத்தில் அது முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்து. கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே நாமினியின் பெயரை எழுதுவது என்று சங்கம் முடிவு செய்தது. பணம் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய் மனைவியரின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். ஓட்டுநர் உரிமம் எப்போது காலாவதியாகிறது என்ற தேதியையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். காலாவதியான உரிமத்தோடு ஓட்டியிருந்தால் மற்றக் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. தேதி நெருங்கும்போது செயலாளர் நினைவூட்டுவார்.

சங்கத்தின் பேரில் ஒரே பத்திரம்தான் இருக்கும் என்பதால் பல உறுப்பினர்கள் கையில் எந்தக் காகிதமும் இருக்காது. தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று மனைவிக்கே தெரியாது. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சான்றிதழ், அதில் பத்திர எண், நாமினி பெயர், விபத்தைத் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண், எல்லாம் தமிழில் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அதை ஆட்டோவின் பெட்டியில் வைக்காமல் வீட்டில், ரேஷன் அட்டையோடு வைக்கச் சொல்கிறார்கள். விபத்தில் வண்டி நசுங்கினால் பெட்டியில் உள்ளது யாருக்குக் கிடைக்கும்?

மதுவைப் பற்றிய நிபந்தனையில்தான் பேச்சு இன்னும் முடியவில்லை. போதையில் நடந்த விபத்துக்குப் பணம் இல்லை என்பது எல்லாப் பத்திரத்திலும் உள்ளது. சங்கமும் அதை எதிர்க்கவில்லை. ஆனால் சில மரணங்களில் உள்ளுறுப்பு மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கை வர மாதங்கள் ஆகும். அதுவரை குடும்பத்துக்கு ஒன்றும் வராது. ஏ.ஆர். காப்பியிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் மது பற்றிய குறிப்பு எதுவும் இல்லையென்றால் ஆய்வுக்கூட அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சங்கம் கேட்டது. நிறுவனம் மறுத்துவிட்டது. அப்படியானால் 3 லட்சத்தில் 25,000 ரூபாயை முன்பணமாக, ஈமச் செலவுக்காவது 3 நாளுக்குள் கொடுங்கள் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள்.

பட்டியலில் பெயர் ஏறிய நாள்

கடைசியாக, சங்கத்தின் தரப்பிலேயே கெட்டுப்போகக்கூடிய ஒன்று. இந்தியக் காப்புறுதிச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் நிறுவனத்தின் கைக்கு வருவதற்கு முன் பாதுகாப்பு தொடங்காது. உறுப்பினர் செயலாளரிடம் பணம் கொடுத்த நாள் கணக்கில்லை. அது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. திங்கட்கிழமை 385 ரூபாய் கொடுத்தவர் புதன்கிழமை அடிபட, செயலாளர் வெள்ளிக்கிழமைதான் வங்கிக்குப் போனார் என்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதன் பிறகு அந்தச் சங்கத்தில் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள்.

இதற்கு வழி உண்டு. சங்கம் ஒரு தொகையை நிறுவனத்திடம் முன்கூட்டியே வைப்பாகக் கட்டிவைக்கலாம். புதிய உறுப்பினரின் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதும் அந்த வைப்பிலிருந்து பிரீமியத்தைக் கழித்துக்கொள்வார்கள். அன்றே பாதுகாப்பு தொடங்கும். ஆனால் வைப்பில் பணம் தீர்ந்துபோனால் மின்னஞ்சல் போயும் பயனில்லை. அதனால் மாதம் ஒருமுறை வைப்பின் இருப்பையும் உறுப்பினர் பட்டியலையும் நிறுவனம் எழுத்தில் அனுப்ப வேண்டும், அதை ஸ்டாண்டுப் பலகையில் ஒட்டவேண்டும் என்று ஏற்பாடு. பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தானே பார்த்துக்கொள்ளலாம். 385 ரூபாயை ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்கள் நாளைக்கு 5 ரூபாய் வீதம் 77 நாள் முன்னதாகவே சங்கத்தில் சேமிக்கிறார்கள்.

நம் நாட்டு வாசகர்களுக்கு இதெல்லாம் சுற்றி வளைத்த வேலையாகத் தோன்றலாம். இங்கே 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் டாக்சி ஓட்டுநர்களிலிருந்துதான் தொடங்கியது. பெர்கேசோவில் சந்தா கட்டியிருக்கும் டாக்சிக்காரர் வேலையின்போது அடிபட்டால், மருத்துவ விடுப்பு நாள்களுக்குத் தற்காலிக ஊனப் பலன் கேட்கலாம். நாட்டின் சட்டமே கொடுத்த அந்த ஒன்றைத்தான் மதுரையில் 1,200 பேர் தங்கள் கைக்காசில், ஒரு தனியார் நிறுவனத்திடம், வரி வரியாகப் பேசி வாங்கப் பார்க்கிறார்கள். சந்தாவைப் புதுப்பிக்க மறந்துபோன நம் டாக்சி ஓட்டுநர்கள் ஒருமுறை தங்கள் கணக்கைப் பார்ப்பது நல்லது. பாதுகாப்பு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்ற கேள்வி இங்கேயும் அதேதான்.

நான் மதுரையை விட்டுக் கிளம்பும்போது 1,200 பேரில் 940 பேரின் விவரம் பட்டியலில் ஏறியிருந்தது. நிறுவனத்தின் பதிலுக்காக இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஒன்று, குறைகளை ஒரே கடிதத்தில் கேட்பது. மற்றது, 25,000 ரூபாய் முன்பணம். முதலாவது இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. "அது இல்லாம 300 ரூபாய்க்குக் குடுத்தாலும் வேணாம் மச்சான்" என்றார் மைத்துனர்.

22 ஆண்டு அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அவர் பிடிவாதம் சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது.